ஓலையிலிருந்து ஈயத்துக்கு: தமிழ் எழுத்தின் தோற்றம் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ஓலையில் எழுதியதால்தான் தமிழ் எழுத்து வட்டமாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பனையோலையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நாம் எழுதும் வரியும் அதே திசையில்தான் போகிறது. கூரான எழுத்தாணியை அந்த நாரோடு சேர்த்து அழுத்தி நீளமாக ஒரு படுக்கைக் கோடு இழுத்தால் ஓலை பிளக்கும். நாருக்குக் குறுக்கே, அதாவது மேலிருந்து கீழே, இழுத்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே ஓலைக்கு ஆகாதது நீண்ட படுக்கைக் கோடு மட்டும்தான். எல்லா நேர்கோடும் ஆகாது என்று சொல்வது மிகை.

தமிழையே பாருங்கள். ட, ப, ம, ய எல்லாவற்றிலும் அடியில் படுக்கைக் கோடு இருக்கிறது. க, ச, த மூன்றுக்கும் தலையில் கோடு உண்டு. ஓலை அவற்றை அழிக்கவில்லை; குட்டையாக, லேசாக வைத்துக்கொண்டது. அதோடு, கல்லில் வெட்டிய சோழர் காலத்துத் தமிழிலும் வளைவுகள் தாராளமாக உண்டு. கல்லுக்கு நார் கிடையாது. கை ஓலையில் பழகிய பிறகு கல்லிலும் அப்படியே எழுதுவது இயல்பு. அதனால் வளைவு ஓலையோடு சம்பந்தப்பட்டதுதான். ஆனால் “வட்டம் வந்தது ஓலையால், அப்புறம் அச்சு வந்து எல்லாவற்றையும் மாற்றியது” என்று இரண்டே வரியில் முடிக்கிற கதை இல்லை இது. அச்சு வளைவை அதிகம் தொடவில்லை. அது தொட்டது வேறு சில இடங்களை: புள்ளி, கொம்பு, கால்.

எழுத்தாணியைப் பேனா மாதிரி பிடித்து எழுதுவார்களா?

இல்லை. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. இடது கட்டைவிரல் நகத்தின் மேல் எழுத்தாணியின் முனைப்பகுதி சாய்ந்திருக்கும். தொடர்ந்து எழுதுகிறவர்கள் அதற்காகவே நகத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துக்கொள்வார்கள். எழுத்தாணி அதிகம் நகராது. எழுத எழுத ஓலைதான் இடப்பக்கம் நகரும்.

எழுதி முடித்ததும் ஓலையில் ஒன்றும் சரியாகத் தெரியாது, வெறும் கீறல்தான் இருக்கும். விளக்குக் கரியை எண்ணெயிலோ ஊமத்தை, கோவை போன்ற இலைச் சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைத்தால், கரி கீறலுக்குள் தங்கி எழுத்து கறுப்பாகத் தெரியும். இந்தக் கீறலுக்குத் தடிப்பு, மெலிவு என்று எதுவும் கிடையாது. ஒரே ஊசி, ஒரே தடிமன். தலைப்புக்குத் தடித்த எழுத்து என்ற யோசனையே ஓலையில் எழ வழியில்லை. அது அச்சின் உலோக எழுத்து கொண்டுவந்தது.

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காததற்குக் காரணம், புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும் என்பதுதானே?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது, பெரும்பாலான கல்வெட்டுகளிலும் புள்ளி இல்லை. கல்லில் ஒரு குழி விழுவதால் யாருக்கும் நஷ்டமில்லை, இருந்தும் விட்டுவிட்டார்கள். இரண்டாவது, கொல்லத்தில் 1578இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஈய எழுத்தில் அடித்தது. ஈயத்தில் புள்ளி வைத்தால் காகிதம் கிழியாது. அதிலும் மெய்யெழுத்துகள் புள்ளி இல்லாமல்தான் நிற்கின்றன. ஓட்டை பயம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அந்தப் பயம் தீர்ந்த முதல் நாளே புள்ளி திரும்பி வந்திருக்க வேண்டும்.

தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி உண்டு என்று தெளிவாகவே சொல்கிறது. இலக்கணம் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. படிக்கிறவருக்கு மொழி தெரியும், பாட்டின் ஓசை தெரியும், புள்ளி இல்லாமலே படித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறவர் விட்டுவிட்டார். ஒவ்வொரு மெய்க்கும் எழுத்தாணியைத் தூக்கி மேலே போய் ஒரு குத்து குத்திவிட்டு வருவது கைக்கு வீண் வேலை. ஓலை பொத்தலாகும் என்பது அந்தச் சோம்பலுக்குக் கிடைத்த கூடுதல் நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

புள்ளி இல்லாமல் எப்படித்தான் படித்தார்கள்? குழப்பம் வராதா?

புள்ளி மட்டும் இல்லை என்றால் பெரிய சிக்கல் இல்லை. “அவன வநதான” என்று இருந்தால் நீங்களே படித்துவிடுவீர்கள். சிக்கல் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் வருகிறது. ஒன்று, புள்ளி இல்லை. இரண்டு, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. மூன்று, துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம்.

ஒரு ஓலையில் இப்படி நான்கு உரு வரிசையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒற்றைக் கொம்பு, ப, கால் மாதிரி ஒன்று, ன. இதை எத்தனை விதமாகப் படிக்கலாம்?

அந்த மூன்றாவது உருவைக் கால் என்று எடுத்துக்கொண்டால், கொம்பும் காலும் சேர்ந்து பகரத்தை ஒகரமாகவோ ஓகாரமாகவோ ஆக்கும். ‘பொன்’ என்று படிக்கலாம், ‘போன’ என்றும் படிக்கலாம். அதையே ரகரம் என்று எடுத்துக்கொண்டால் கொம்பு தனியாகப் பகரத்தோடு சேரும். கடைசி னகரத்துக்கு மனத்துக்குள் புள்ளி வைத்தால் ‘பேரன்’. ஆக, தங்கமும், போய்விட்டதும், பிள்ளையின் பிள்ளையும் ஓலையில் ஒரே நான்கு கீறல்கள். “பேரன் வந்தான்”, “பொன் வந்தது” என்று பின்னால் வருகிற வினை காப்பாற்றிவிடும். “பேரன் கொடுத்தான்”, “பொன் கொடுத்தான்” என்று வந்தால்? முன்பின் வரிகளைப் பார்த்தால்தான் உண்டு.

இதற்கு மேல், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. செய்யுளைக்கூட அடி பிரிக்காமல் ஓலையின் ஓரம் வரை ஒரே ஓட்டமாக எழுதிவிடுவார்கள். பாட்டை ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு இது நினைவூட்டும் குறிப்பு, அவ்வளவுதான். தெரியாதவருக்குப் புதிர். 19ஆம் நூற்றாண்டில் சுவடிகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு இந்த மூன்றையும் பிரிப்பதில்தான் போனது. பாடபேதம் என்று அடிக்குறிப்பில் பார்க்கிற பலவற்றுக்குப் பின்னால் வேறு கவி யாரும் இல்லை; கால் என்று ஒருவரும் ரகரம் என்று இன்னொருவரும் படித்ததுதான் இருக்கும்.

காலும் ரகரமும் ஒன்றுபோல ஆனது எப்படி? ஆரம்பத்திலிருந்தே அப்படியா?

இல்லை. தமிழ்ப் பிராமியில் ரகரம் செங்குத்தாக நிற்கிற ஒரு கோடு. ஆகாரக் குறியோ எழுத்தின் வலப்பக்கத்தில் ஒட்டிய சின்னப் படுக்கைக் கோடு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலப்போக்கில் ரகரக் கோட்டுக்குத் தலையில் ஒரு வளைவு வந்தது. ஆகாரக் கோடு வலப்பக்கம் போய்க் கீழே வளைந்து இறங்கியது, அப்புறம் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நின்றது. வேறு வேறு இடத்திலிருந்து புறப்பட்டு ஒரே உருவத்தில் வந்து சேர்ந்த இரண்டு எழுத்துகள்.

முதன்முதலில் தமிழில் அச்சடித்தவர்கள் இதையெல்லாம் சரிசெய்தார்களா?

செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் மறைநூல் அச்சானது, ஆனால் அது ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்தையே வார்த்தது கோவாவில் 1577இல். அடுத்த ஆண்டு கொல்லத்தில் இன்னொரு வார்ப்பு. போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் வந்தது, மொத்தமே 16 பக்கம். கடைசிப் பக்கத்தில் இரண்டு வார்ப்புகளையும் மாதிரிக்குக் காட்டியிருக்கிறார்கள். அதன் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பார்த்தால் ஓலையையே காகிதத்தில் ஒற்றியெடுத்த மாதிரி இருக்கும். புள்ளி இல்லை, கொம்பில் குறில் நெடில் இல்லை. இது வியப்புக்குரியது அல்ல. எழுத்து வெட்டுகிறவருக்கு முன்மாதிரி வேண்டும், அவர் முன் இருந்தது ஓலைக் கை. வாசகரும் ஓலை படித்துப் பழகியவர். புது விதமாக அடித்தால் “இது என்ன எழுத்து?” என்று கேட்பார். ஐரோப்பாவிலும் முதல் அச்சு எழுத்துகள் அங்கிருந்த கையெழுத்தைத்தான் பார்த்துச் செய்தன.

ஏ, ஓ இரண்டையும் வீரமாமுனிவர் அச்சுக்காகத்தானே உருவாக்கினார்?

வீரமாமுனிவர் என்பது சரி. “அச்சுக்காக” என்பதில்தான் எனக்குத் தகராறு.

பழைய விதி தலைகீழானது. எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி, நெடிலுக்கு ஒன்றும் வேண்டாம். தொல்காப்பியமும் நன்னூலும் இதைத்தான் சொல்கின்றன. ஓலையில் புள்ளியை விட்ட கணத்திலேயே குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. வீரமாமுனிவர் 1730இல் எழுதிய ‘தொன்னூல் விளக்கத்தில்’ அடையாளத்தை நெடில் பக்கம் மாற்றுகிறார். எகரத்தின் கோட்டைக் கீழே இழுத்து நீட்டினால் ஏ. ஒகரத்தின் அடியைச் சுழித்தால் ஓ. கொம்பின் மேல்முனையைச் சுழித்தால் இரட்டைக் கொம்பு.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் புள்ளியை நம்பவில்லை. நீட்டுவது, சுழிப்பது இரண்டுமே எழுத்தாணியைத் தூக்காமல் அதே ஓட்டத்தில் செய்யக்கூடியவை. புள்ளி மாதிரி அவசரத்தில் விட்டுப்போகிற ஒட்டு இல்லை, கோட்டின் பகுதியே அதுதான். இது ஓலையில் எழுதிப் பழகியவர் ஓலைக்காரர்களுக்கு யோசித்த தீர்வு. ஆனால் ஓலையில் அது மெதுவாகத்தான் பரவியது. ஒவ்வொரு கையும் தனியாகப் பழக வேண்டும் அல்லவா? அச்சில் அந்தக் கஷ்டம் இல்லை. வார்ப்புக்காரர் ஒருவர் இரட்டைக் கொம்புக்கு ஒரு அச்சு வெட்டிவிட்டால், அதன் பிறகு அந்த எழுத்தை வாங்குகிற அத்தனை அச்சகத்திலும் அது இருக்கும். கண்டுபிடித்தது ஓலை உலகம், நிலைநிறுத்தியது ஈயம்.

(ஒரு சின்ன வேடிக்கை: இயேசு சபைப் பாதிரியாரான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சடித்தது தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம். இரு தரப்புக்கும் சமயத்தில் ஆகவே ஆகாது.)

ஈய எழுத்து எப்படிச் செய்வார்கள்? அதனால் எழுத்தின் தோற்றம் ஏன் மாற வேண்டும்?

முதலில் ஒரு எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடம் வலம் மாற்றி, புடைப்பாக வெட்ட வேண்டும். அதைச் செம்பில் அடித்தால் பள்ளமான பதிவு விழும். அந்தப் பதிவை வார்ப்புப் பெட்டியின் அடியில் வைத்து, ஈயத்தோடு வெள்ளீயமும் அஞ்சனக் கல்லும் உருக்கிக் கலந்து ஊற்றினால் ஒரு எழுத்துக் கட்டை வரும். எஃகில் ஒரு தடவை வெட்டியது ஆயிரக்கணக்கில் அப்படியே திரும்பி வரும். ஓலைக்கும் உலோகத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஓலையில் ஒருவர் எழுதும் இரண்டு ‘ண’ ஒன்றுபோல இருக்காது. ஈயத்தில் எல்லா ‘ண’வும் ஒரே ‘ண’.

இன்னொன்று, ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையில் உட்கார வேண்டும். பக்கத்துக் கட்டைக்குள் அதன் வால் போக முடியாது. ஓலையில் ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்துக்குக் கீழே ஓடலாம், கொம்பு முந்தைய எழுத்தின் மேல் சாயலாம். ஈயத்தில் எல்லாம் அவரவர் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். நம் எழுத்து வரிசையாக, சம உயரத்தில், இடைவெளி விட்டு நிற்கிற தோற்றம் அந்தப் பெட்டி கொடுத்தது.

மூன்றாவது தொல்லை சுழி. ண, ஞ, ணு இவற்றின் சுழிகளுக்குள் மை போய் அடைத்துக்கொள்ளும். ஓலையில் அந்தப் பிரச்சினை இல்லை, மேலே பூசிய கரியைத் துடைத்துவிடலாம், கீறல் மட்டும் கறுப்பாக நிற்கும். ஈயத்தில் சின்னச் சுழி மையால் அடைபட்டால் அது கறுப்புப் பொட்டு ஆகிவிடும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதானே? ஆகவே சுழியைத் திறந்து, அகலமாக வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் எழுத்து பெரிதாகும், காகிதம் அதிகம் தின்னும்.

தரங்கம்பாடியில் நடந்தது கிட்டத்தட்ட இதே கணக்கு. லூத்தரன் பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்து 1713இல் வந்து சேர்ந்தது. வார்த்தவர்கள் தமிழ் தெரியாதவர்கள், அனுப்பிய மாதிரியைப் பார்த்துச் செய்தார்கள். எழுத்து பெரிதாக இருந்தது. புதிய ஏற்பாட்டை அதில் அடிக்கத் தொடங்கியபோது கையிருப்புக் காகிதம் போதாது என்று தெரிந்துவிட்டது. அங்கேயே இருந்த வார்ப்புக்காரர் ஆட்லர் சிறிய எழுத்து ஒன்றை வார்த்துக் கொடுத்தார், மீதிப் பகுதி அதில் அச்சானது. 1714, 1715 என்று இரண்டு கட்டமாக வந்த அந்தப் புத்தகத்தில் நடுவில் எழுத்து சுருங்குவதைப் பார்க்கலாம். தமிழ் அச்செழுத்தைச் சிறியதாக்க வேண்டும், ஆனால் சுழி திறந்திருக்க வேண்டும் என்ற இழுபறி அன்று தொடங்கி ஈய எழுத்து ஓயும் வரைக்கும் இருந்தது.

அப்போ புள்ளி எப்போதுதான் திரும்பி வந்தது?

அச்சோடு, ஆனால் மிகத் தாமதமாக. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அச்சுப் புத்தகங்களில் புள்ளி நிலையாகிவிட்டது. 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வந்த வின்ஸ்லோ அகராதியைத் திறந்தால், இன்றைய கண்ணுக்குத் தடங்கல் இல்லாத தமிழ். அகராதிக்குப் புள்ளி இல்லாமல் முடியாது என்பதையும் யோசியுங்கள். சொல்லை முன்பே தெரியாதவர்தான் அகராதியைத் திறப்பார், அவரிடம் போய் “இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்” என்று சொல்ல முடியாது. அந்நியர் படிக்கவும், தெரியாத உரைநடையைப் படிக்கவும் அச்சு வந்தபோதுதான் புள்ளிக்கு வேலை வந்தது.

அச்சகத்துக்கு இது செலவு. மெய் 18க்கும் புள்ளியோடு சேர்த்துத் தனித் தனிக் கட்டை வேண்டும்.

பழைய புத்தகத்தில் லை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறதே, அதுவும் ஓலையிலிருந்து வந்ததா?

ஆமாம். என் பெரியப்பா ஒரு சிறு நகரத்தில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். எண்பதுகளில் விடுமுறைக்குப் போனால், கேஸ் என்கிற அறை அறையான எழுத்துத் தட்டில் எழுத்து பிரித்துப் போடுவது எங்கள் வேலை. கேஸின் ஒரு மூலையில் தும்பிக்கை வைத்த லை, ளை, ணை, னை தூசி படிந்து கிடக்கும். யாரும் எடுப்பதில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் எப்போதாவது ஒரு பெரியவர் வந்து “பழைய லை போடு” என்பார்.

கையால் எழுதும்போது அந்த வடிவத்துக்கு நியாயம் உண்டு. ஐகாரக் கொம்பைத் தனியாகச் சுழித்து முடித்து, எழுத்தாணியைத் தூக்கி, மறுபடி லகரத்தின் சுழியைத் தொடங்குவதற்குப் பதிலாக, கொம்பை மேலே வளைத்து அப்படியே லகரத்தில் இறக்கிவிடலாம். இதே போலத்தான் ணா, றா, னா. காலைத் தனியாக வைக்காமல் எழுத்தின் கடைசிக் கோட்டையே கீழே இழுத்துச் சுழித்துவிடுவார்கள். கைக்கு அது சிக்கனம்.

ஈயத்தில் அந்தச் சிக்கனம் அப்படியே செலவாகிவிட்டது. மற்ற எழுத்துகளுக்குக் காலும் கொம்பும் பொதுக் கட்டைகள். க பக்கத்தில் கால் கட்டையை வைத்தால் கா, ப பக்கத்தில் வைத்தால் பா. ஆனால் ணா, றா, னா மூன்றும் ஒட்டிய வடிவங்கள், தனித் தனிக் கட்டை வேண்டும். தும்பிக்கை வைத்தவை நான்கு. ஆக ஏழு அதிகக் கட்டைகள். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அந்த ஒட்டிய ணா, றா, னாவின் முன்னால் கொம்பு வைத்துச் சேர்ப்பவை. அதனால்தான் எழுத்துச் சீர்திருத்தக் கணக்கில் மாறிய எழுத்துகள் பதின்மூன்று என்று வரும். கேஸில் காலியான அறைகள் ஏழுதான்.

பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் இவற்றை விட்டுவிட்டு நேர் வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு ஆணை வந்தது 1978 அக்டோபரில். அவருடைய வாதம் அச்சுக்கோப்பவரின் வாதம்: பொதுக் கட்டை இருக்கும்போது தனிக் கட்டை எதற்கு?

அந்த நியாயப்படி கு, சு, டு, மு எல்லாமும் மாறியிருக்க வேண்டுமே?

மாறியிருக்கலாம், மாறவில்லை. உகர ஊகார வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விதமான ஒட்டு, கீழே போகும், பக்கத்தில் போகும், சுழித்துத் திரும்பும். பதினெட்டு மெய்க்கும் சேர்த்து முப்பத்தாறு கட்டை. அந்த ஏழு கட்டையைவிட இது ஐந்து மடங்கு செலவு. யோசனைகள் வந்தன, நிற்கவில்லை. மாற்றியிருந்தால் ஒரு பக்கத்தில் பத்து இடத்திலாவது கண் தடுக்கும். பதின்மூன்று எழுத்தை மாற்றும்போது பழைய வடிவத்தோடு வளர்ந்தவர்கள்கூட அரை நாளில் பழகிவிட்டார்கள். கண்ணின் பொறுமைக்கு அளவு உண்டு.

நெடில் கொம்பு தீர்ந்துபோனால் அச்சகத்தில் என்ன செய்வார்கள்?

சிரிக்காதீர்கள், இது உண்மையாகவே நடக்கும். கோயில் நோட்டீஸ் ஒன்றில் ‘தேர்’, ‘கோயில்’, ‘மேள’ என்று இரட்டைக் கொம்பு வரிசையாக வந்து, கேஸில் தீர்ந்துவிட்டது. கோத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக்கில் தற்காலிகமாக ஒற்றைக் கொம்பை வைத்துவிட்டு, அப்புறம் மாற்றலாம் என்று விட்டார். புரூஃப் பார்க்க வேண்டிய நான் வீரமாமுனிவருக்கு முந்தைய காலத்து வாசகன் போலப் படித்துவிட்டேன். “தெர்த் திருவிழா” ஐந்நூறு பிரதி. ஊரில் எல்லோரும் சரியாகத்தான் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, காலையும் ரகரத்தையும் அச்சு பிரித்துவிட்டது. பிறகு ஏன் சில இடங்களில் ர் எழுத்துக்கு வால் இல்லை?

ரகரத்தின் அடியில் இடப்பக்கம் சாய்கிற அந்த வால்தான் அச்சு கொடுத்த பிரிவு. கால் நேராக நிற்கும், ரகரத்துக்கு வால் சாயும். ஆனால் மேலே புள்ளி வந்தாலோ, இகர ஈகாரக் கொக்கி வந்தாலோ அது காலாக இருக்கவே முடியாது. கால் ஒரு எழுத்துக்குத் துணை. அதற்கு மேல் புள்ளியோ கொக்கியோ வராது. எனவே ர், ரி, ரீ மூன்றுக்கும் வால் தேவையில்லை என்று எழுத்து வெட்டியவர்கள் விட்டுவிட்டார்கள். அச்சு மரபில் அதுவே அழகு என்றும் ஆயிற்று. பாடநூல்களில் மட்டும் குழந்தைகள் குழம்பக் கூடாது என்று வாலோடு போடுவார்கள். இன்றைய எழுத்துருக்களிலும் இரண்டு வழக்கமும் உண்டு. உங்கள் திரையில் ‘ரி’ எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

செய்தித் தளத்தில் “அவர்” என்று தேடினால் சில கட்டுரைகள் வருவதே இல்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. வால் இல்லாத ர், காலும் புள்ளியும் சேர்ந்த மாதிரியே தெரியும். பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் காலுக்கும் வாலில்லாத ரகரத்துக்கும் ஒரே உருவைப் பயன்படுத்தினார்கள். அச்சில் பார்க்க ஒன்றுதான், கவலை இல்லை. அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது எல்லாம் கால் ஆகிவிட்டது. விசைப்பலகையில் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதே என்று காலையும் புள்ளியையும் தட்டுகிறவர்களும் உண்டு. ஓலையின் பழைய குழப்பம்தான். அன்று மனிதர் இடம் பார்த்துப் படித்துவிடுவார், தேடுபொறி அப்படிப் படிக்காது.

```
அவர்   U+0B85 U+0BB5 U+0BB0 U+0BCD   (சரி)
அவா்   U+0B85 U+0BB5 U+0BBE U+0BCD   (தவறு)
```

சோதிக்க எளிய வழி: சொல்லின் கடைசியில் நின்று ஒருமுறை பின்னழிப்பு விசையை அழுத்துங்கள். புள்ளி போய் ‘அவர’ என்று நின்றால் சரியான ரகரம். ‘அவா’ என்று நின்றால் அது கால்.

அப்படிப் போன கோப்பை மொத்தமாகத் திருத்திவிடலாமா?

இதைத் திருத்தலாம். கால் மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது, ஆகவே அந்த இணையை எங்கே கண்டாலும் ‘ர்’ என்று மாற்றினால் எந்தச் சொல்லும் கெடாது. காலை அடுத்து இகர ஈகாரக் கொக்கி வந்தாலும் அப்படியே: ‘பாாி’ தயங்காமல் ‘பாரி’ ஆகும்.

ஔகாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஈய எழுத்தில் ஔகாரக் குறியின் வலப்பக்கத்துக்கு ளகரக் கட்டையையே போட்டுவிடும் பழக்கம் இருந்தது, இப்போதும் ‘கௌரவம்’ என்பதைக் கொம்பு, க, ள என்று ‘கெளரவம்’ எனத் தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ‘கெள’ என்று வருவதை எல்லாம் ‘கௌ’ என்று ஒரே கட்டளையில் மாற்றினால், மீன்கடைக் கட்டுரையில் இருக்கிற கெளுத்தி மாட்டிக்கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.